நடுவில் இழுக்கும் நாவல்

கையெழுத்துப் பிரதியைப் படித்துவிட்டுத் திருப்பித் தரும் நண்பர்கள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள்: "ஆரம்பம் பிரமாதம். முடிவும் நல்லா இருக்கு. நடுவுலதான் கொஞ்சம் இழுக்குது." எந்தப் பக்கத்தில் இழுக்கிறது என்று கேட்டால் அவர்களால் கைவைத்துக் காட்ட முடியாது. பன்னிரண்டாம் அத்தியாயம் வரை ஒரே மூச்சில் படித்தேன், அப்புறம் கீழே வைத்தேன், நாலு நாள் எடுக்கவே தோன்றவில்லை என்பார்கள். அந்தப் பன்னிரண்டு என்ற எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நமக்குக் கிடைக்கும் நம்பகமான தடயம் அதுதான்.

இதைக் கேட்டதும் எழுதியவர் செய்யும் முதல் காரியம், வாக்கியங்களைச் சுருக்குவது. வர்ணனைகளைக் குறைப்பார், உவமைகளை அடிப்பார். நூறு பக்கத்தில் ஏழெட்டுப் பக்கம் குறையும். இழுவை அப்படியே இருக்கும். வாசகர் நீண்ட வர்ணனையால் சோர்வதில்லை. நல்ல வர்ணனை என்றால் இரண்டு பக்கம்கூட ஆசையாகப் படிப்பார். முன்பே தெரிந்துகொண்ட ஒன்றை வேறு இடத்தில், வேறு நேரத்தில் மறுபடியும் தெரிந்துகொள்ளும்போதுதான் சோர்வு வருகிறது. ஆகவே நாம் திருத்த வேண்டிய அலகு வாக்கியமல்ல, காட்சி.

இந்த அத்தியாயம் முழுக்க ஒரே ஒரு கையெழுத்துப் பிரதியை வைத்துப் பேசப் போகிறேன். என்னிடம் படிக்கக் கொடுத்தவரின் சம்மதத்தோடு, ஊர், தொழில், பெயர்களை மாற்றியிருக்கிறேன். கும்பகோணம் பக்கத்தில் ஒரு குத்துவிளக்குப் பட்டறை. அப்பா பக்கவாதத்தில் விழுகிறார். வெளியூரில் வேலை பார்த்த மகன் முருகேசன் மனைவி கமலாவோடு திரும்பி வருகிறான். பட்டறை கோவிந்தராஜ் என்ற வட்டிக்காரரிடம் அடமானத்தில் இருப்பது வந்த பிறகுதான் தெரிகிறது. கல்யாணமாகாத தங்கை வள்ளி, இருபத்தைந்து வருஷமாக வார்க்கும் மேஸ்திரி சாமிக்கண்ணு, இவர்கள்தான் மற்றவர்கள். நாவல் 38 அத்தியாயம். முதல் பத்தில் ஊர் திரும்புதலும் கடன் வெளிப்படுதலும். கடைசிப் பத்தில் பட்டறை கைமாறுவது. நடுவில் 18 அத்தியாயங்கள், சுமார் 52,000 சொற்கள். எல்லோரும் இழுக்கிறது என்றது அந்தப் பகுதியைத்தான்.

காட்சிக்கு ஓர் அட்டை

முதல் வேலை, நடுப்பகுதியில் உள்ள ஒவ்வொரு காட்சிக்கும் ஓர் அட்டை எழுதுவது. இடமோ நேரமோ மாறினால் புதுக் காட்சி என்று கணக்கு. கணினியில் எழுதுகிறவர்களும் இதை மட்டும் கையால் எழுதுங்கள். தரையில் பரப்பி வைத்துப் பார்க்கப்போவதால் அட்டை வசதி. அஞ்சலட்டை அளவு போதும்.

அட்டையில் எழுத வேண்டியவை மூன்று. இந்தக் காட்சியில் யாருக்கு என்ன வேண்டும்? காட்சி முடியும்போது என்ன மாறியிருக்கிறது? வாசகருக்குப் புதிதாக என்ன தெரிந்தது? ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிதான். இடத்தையும் மனநிலையையும் எழுத வேண்டாம். "மழை பெய்யும் மாலையில் முருகேசன் மனம் உடைந்து நிற்கிறான்" என்று எழுதினால் காட்சி அழகாக இருப்பதாகத் தோன்றிவிடும். "முருகேசனுக்கு அவகாசம் வேண்டும். கோவிந்தராஜ் ஒரு மாதம் தருகிறார். புதிதாகத் தெரிந்தது எதுவுமில்லை." இப்படி வறட்சியாக எழுதினால்தான் உண்மை வெளியே வரும்.

இந்த வேலையை மெதுவாகச் செய்யுங்கள். நம் காட்சியைப் படிக்கும்போது எழுதிய நாளின் சூடு நினைவுக்கு வரும், உள்ளே இல்லாத மாற்றத்தை இருப்பதாக எண்ணிக்கொள்வோம். "அவன் மனதில் ஏதோ உடைந்தது" என்று இரண்டாவது வரியில் எழுதத் தோன்றினால், அந்த உடைவால் அடுத்த நாள் அவன் வேறு என்ன செய்கிறான் என்று கேளுங்கள். வேறெதுவும் செய்யவில்லை என்றால் அந்த வரியை அடித்துவிட்டு "மாற்றம் இல்லை" என்று எழுதுங்கள்.

பட்டறை நாவலுக்கு 46 அட்டைகள் வந்தன. அவற்றை அத்தியாய வரிசையில் அடுக்காமல், வேலை வாரியாக அடுக்கினோம். ஒரே வேலையைச் செய்யும் காட்சிகள் ஒரு குவியலில். வட்டிக்காரர் வந்து பணம் கேட்டு, அவகாசம் கொடுத்துவிட்டுப் போகும் காட்சிகள் ஐந்து. அப்பாவும் மகனும் பட்டறையை விற்பதா வேண்டாமா என்று மோதுபவை நான்கு. இரவில் முருகேசனும் கமலாவும் படுத்தபடி கவலையைப் பேசுபவை ஐந்து. வங்கி, மாமா வீடு, பழைய நண்பன், கூட்டுறவுச் சங்கம் என்று கடன் கேட்டுப் போய் இல்லையென்று கேட்டுத் திரும்புபவை நான்கு. பேருந்தில் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் முருகேசன் நினைத்துப் பார்ப்பவை ஐந்து. ஆக 23 காட்சிகள், நடுப்பகுதியில் சரிபாதி, ஐந்தே வேலைகளைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தன.

எழுதியவர் அந்த ஐந்து குவியல்களையும் பார்த்துக்கொண்டு வெகுநேரம் பேசவில்லை. ஒவ்வொரு காட்சியும் தனியாகப் படித்தால் நன்றாகத்தான் இருந்தது. வங்கிக் காட்சியில் டோக்கன் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அவன் மின்விசிறியைப் பார்க்கும் இடம் எனக்குப் பிடித்தே இருந்தது. நடுப்பகுதியைத் திருத்துவது கடினமாவது இதனால்தான். மோசமான காட்சியை வெட்ட யாருக்கும் துணிவு தேவையில்லை.

அட்டை எழுதப் பொறுமை இல்லாதவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. கோப்பைத் திறந்து "மறுபடியும்", "வழக்கம்போல", "போன தடவை", "இன்றும்", "எத்தனை முறை" ஆகிய சொற்களைத் தேடுங்கள். பதின்மூன்றாம் அத்தியாயத்தில் இப்படி ஒரு பகுதி இருந்தது:

வாசலில் வண்டிச் சத்தம். கோவிந்தராஜ் திண்ணையில் உட்கார்ந்து துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "என்ன தம்பி, இந்த மாசமும் இல்லையா?" முருகேசன் தூணைப் பிடித்தபடி நின்றான். "அடுத்த மாசம் கண்டிப்பா தந்துடறேண்ணே." "போன மாசமும் இதையேதான சொன்னே."

போன மாதமும் இதையேதான் சொன்னான் என்பதைக் கோவிந்தராஜே சொல்லிவிடுகிறார். எழுதும் கைக்குள் எங்கோ அது தெரிந்திருக்கிறது. இப்படிப்பட்ட வரிகள் மூன்றுக்கு இரண்டு இடத்தில் திரும்ப வரும் காட்சியையே காட்டும் என்பது என் அனுபவம்.

தமிழில் இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாற்றுக் காரணமும் இருக்கிறது. நம் பெரிய நாவல்கள் பல வாரப் பத்திரிகைகளில் தொடராக வந்தவை. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்தது. மூன்று வாரத்துக்கு முன் படித்ததை வாசகருக்கு நினைவூட்ட வேண்டியது தொடர் எழுதுகிறவரின் கடமை. அந்த நாவல்களைப் படித்து வளர்ந்த நாம், தொடருக்குத் தேவையான நினைவூட்டலைப் புத்தகத்துக்கும் கொண்டுவந்துவிடுகிறோம். பேருந்தில் நடந்ததை நினைத்துப் பார்க்கும் காட்சிகள் இந்த வழியாகத்தான் நுழைகின்றன. புத்தகம் படிப்பவர் நேற்று இரவு விட்ட பக்கத்திலிருந்து இன்று இரவு தொடர்கிறார். அவருக்கு முன்கதை வேண்டாம். அந்த ஐந்து பேருந்துக் காட்சிகளையும் முதல் நாளே எடுத்துவிட்டோம்.

எதை வைப்பது, எதை வெட்டுவது

ஒரு குவியலில் நான்கைந்து காட்சிகள் இருந்தால் எதை வைத்துக்கொள்வது? பலர் முதலாவதை வைத்துக்கொள்கிறார்கள், அதுதான் புதிதாக எழுதப்பட்டது என்பதால். நான் பெரும்பாலும் மூன்றாவதையோ நான்காவதையோ வைக்கச் சொல்வேன். ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப எழுதுவது சோம்பலால் வருவதில்லை. எழுதுகிறவர் எதையோ தேடிக்கொண்டிருக்கிறார். முதல் இரண்டும் ஒத்திகை. மூன்றாவதில்தான் அந்த இரண்டு பேருக்கும் நடுவில் உண்மையில் என்ன பிரச்சினை என்று அவருக்கே புரிகிறது.

அப்பா, மகன் சண்டைகளில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. முதல் மூன்றிலும் பட்டறையை விற்பது பற்றி வாதம். நான்காவதில், 21ஆம் அத்தியாயத்தில், வாய் கோணியிருக்கும் அப்பா மிகுந்த சிரமத்தோடு, பட்டறை தன்னுடையது என்பதால் விற்க மறுக்கவில்லை, அதைவிட்டால் மகன் மறுபடி வெளியூர் போய்விடுவான் என்று பயப்படுவதாகச் சொல்லிவிடுகிறார். முதல் மூன்று சண்டைகளும் இந்த ஒரு வாக்கியத்துக்கான வழி. இந்த நான்காவதை அப்படியே வைத்தோம். முதலாவதைப் பாதியாகக் குறைத்து வைத்தோம், ஏனென்றால் அப்பா மறுக்கிறார் என்பது வாசகருக்கு ஒரு முறை தெரிந்தாக வேண்டும். நடுவில் இருந்த இரண்டும் போயின.

கடன் கேட்கும் நான்கு காட்சிகளில் ஒன்றுதான் தங்கியது. மாமா வீட்டுக் காட்சி. வங்கியிலும் சங்கத்திலும் இல்லையென்று சொன்னால் அத்தோடு சரி. மாமா இல்லையென்று சொன்னால் வள்ளியின் கல்யாணப் பேச்சும் அதோடு நின்றுபோகிறது. திரும்ப முடியாத ஒன்று நடக்கும் காட்சி எதுவோ அதை வைத்துக்கொள்ளுங்கள் என்பது இங்கே பயன்பட்ட அளவுகோல். மற்ற மூன்று இடங்களும் ஒரே பத்தியில் அடங்கின: ஆடி மாதம் முழுக்க அவன் மூன்று கதவுகளைத் தட்டினான் என்பது போல. வங்கி மின்விசிறியும் டோக்கனும் அந்தப் பத்தியில் ஒரு வரியாகப் பிழைத்துக்கொண்டன. வெட்டும் காட்சியிலிருந்து இப்படி ஒன்றிரண்டு வரிகளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் எடுத்தால் காட்சி பின்வாசல் வழியாகத் திரும்பி வந்துவிடும்.

வெட்டுவதற்கு முன் ஒரு சோதனை கட்டாயம். கடைசிப் பத்து அத்தியாயங்களில் வரும் பொருள், பெயர், வாக்குறுதி ஒவ்வொன்றும் முதலில் எங்கே வந்தது என்று தேடிப் பாருங்கள். இந்த நாவலின் கடைசியில் முருகேசன் பட்டறையை விட்டு வெளியேறும்போது பரணிலிருந்து தாத்தா காலத்து அச்சுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போகிறான். அந்தப் பெட்டி பரணில் இருப்பதாக அப்பா சொன்னது, நாங்கள் வெட்டிய மூன்றாவது சண்டையில். பார்க்காமல் வெட்டியிருந்தால் முடிவில் அந்தப் பெட்டி வானத்திலிருந்து குதித்திருக்கும். அந்த ஒரு வாக்கியம் நான்காவது சண்டைக்கு இடம் மாறியது.

வெட்டியவற்றை அழிக்காதீர்கள். தனிக் கோப்பில் அத்தியாய எண்ணோடு போட்டு வையுங்கள். திரும்ப எடுக்கப்போவதில்லை என்றாலும், அது இருக்கிறது என்ற தைரியம் இருந்தால்தான் கை துணிந்து வெட்டும்.

திரும்ப வந்தாலும் சலிக்காத காட்சி

எல்லாக் குவியல்களையும் ஒன்றாகக் குறைக்க வேண்டியதில்லை. ஒரே இரண்டு பேர் ஒரே விஷயத்துக்காகத் திரும்பச் சந்திப்பது நாவலுக்குப் பெரிய பலமாகவும் ஆகும். அதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் தாஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்'. 1866இல் ருஷ்யப் பத்திரிகை ஒன்றில் தொடராக வந்த நாவல். ஆறு பாகமும் ஒரு பின்னுரையும். கொலை முதல் பாகத்தின் கடைசியிலேயே நடந்துவிடுகிறது. கொலைகாரன் யார் என்று வாசகருக்குத் தெரியும். மீதி ஐந்து பாகத்தையும் தொய்வில்லாமல் நகர்த்த வேண்டும். நடுப்பகுதிச் சிக்கலின் உச்சம் இது.

விசாரணை அதிகாரி போர்ஃபிரியும் ரஸ்கோல்நிகோவும் மூன்று முறை நீண்ட நேரம் பேசிக்கொள்கிறார்கள். மூன்றிலும் ஒரே கேள்விதான்: இவன்தான் செய்தானா? முதல் சந்திப்பு மூன்றாம் பாகத்தில், போர்ஃபிரியின் வீட்டில். அடகு வைத்த பொருளைப் பற்றி விசாரிக்கிற சாக்கில் ரஸ்கோல்நிகோவ் தானே போகிறான். கூட நண்பன் இருக்கிறான். பேச்சு அவன் எழுதிய ஒரு கட்டுரையைச் சுற்றிப் போகிறது. இரண்டாவது நான்காம் பாகத்தில், அதிகாரியின் அலுவலகத்தில். இப்போது தனியாக மாட்டிக்கொள்கிறான். போர்ஃபிரி வளைத்து வளைத்துப் பேசி நெருக்குகிறார், அவன் கத்தும் நிலைக்கு வருகிறான். அந்த நேரத்தில் வேறொருவன் உள்ளே வந்து தானே கொலை செய்ததாகச் சொல்லிவிடுகிறான். மூன்றாவது ஆறாம் பாகத்தில். இப்போது போர்ஃபிரி இவனுடைய அறைக்கே வருகிறார். சுற்றி வளைக்காமல், செய்தது நீதான் என்று நேராகச் சொல்கிறார். தானாக முன்வந்து ஒப்புக்கொள்ள ஓரிரு நாள் அவகாசமும் கொடுக்கிறார்.

இந்த மூன்றையும் அட்டையில் எழுதிப் பாருங்கள். இடம் மாறுகிறது: அவர் வீடு, அவர் அலுவலகம், கடைசியில் இவன் அறை. ஒவ்வொரு முறையும் ரஸ்கோல்நிகோவுக்கு ஒதுங்க இடம் குறைகிறது. போர்ஃபிரிக்குத் தெரிந்திருப்பது ஒவ்வொரு முறையும் கூடியிருக்கிறது. முதலில் சந்தேகம், பிறகு நெருக்குதல், பிறகு உறுதி. பிடிபடுவானா என்று தொடங்கிய கேள்வி, தானாகப் போய் ஒப்புக்கொள்வானா என்று மாறி முடிகிறது. எம்.ஏ. சுசீலாவின் தமிழ் மொழிபெயர்ப்பில் இந்த மூன்று அத்தியாயங்களையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். திருத்தும் காலத்தில் அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

இதை வைத்துக்கொண்டு வட்டிக்காரர் குவியலுக்குத் திரும்பினோம். ஐந்து வருகைகளை மூன்றாக்கினோம். முதல் வருகையில் அவர் திண்ணையோடு சரி. தண்ணீர் கேட்டு வாங்கிப் பாதி குடித்துவிட்டு மீதியைக் கருவேப்பிலைச் செடிக்கு ஊற்றுகிறார். வெட்டிய காட்சி ஒன்றிலிருந்து எடுத்த விவரம் அது. இரண்டாவதில் வீட்டுக்குள் வந்துவிடுகிறார். அப்பாவின் கட்டிலோரம் உட்கார்ந்து இனிமையாகப் பேசி, சொத்தில் வள்ளிக்கும் பங்கு உண்டென்று அவர் வாயாலேயே தெரிந்துகொள்கிறார். பணத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. மூன்றாவதில் பட்டறைக்குள் நிற்கிறார். அந்தக் காட்சியை எழுத்தாளர் புதிதாக எழுதினார். அதில் ஒரு துண்டு:

கோவிந்தராஜ் அன்றைக்கு வார்த்து ஆறியிருந்த தண்டு ஒன்றைக் கையில் எடுத்தார். விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார். காதுக்கருகே வைத்துக்கொண்டு மறுபடி தட்டினார். சாமிக்கண்ணு உலையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "உங்கப்பா வார்த்தது இப்படிப் பேசாதே தம்பி" என்றார் கோவிந்தராஜ், தண்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு. "கோயில்காரங்களுக்குக் காது கெடையாதுன்னு நெனச்சியா?"

அவர் பணம் கேட்கவில்லை, மிரட்டவும் இல்லை. ஆனால் முருகேசன் உலோகத்தில் கலப்படம் செய்தது அவருக்குத் தெரிந்துவிட்டது. மேஸ்திரிக்குத் தெரியும் என்பதும் திரும்பிக்கொண்ட முதுகில் இருக்கிறது. திண்ணை, கட்டிலோரம், உலை என்று ஒரே ஆள் மூன்று படியாக உள்ளே வந்துவிட்டார். வாசகருக்கு அவர் மீண்டும் வருகிறார் என்ற சலிப்பு வராது, இன்னும் எவ்வளவு உள்ளே வருவார் என்ற பயம்தான் வரும்.

பணயத்தைப் படிப்படியாக உயர்த்துதல்

வெட்டினால் மட்டும் வேகம் வந்துவிடாது. மீதியிருக்கும் காட்சிகள் எந்த வரிசையில் நிற்கின்றன என்பது இரண்டாவது பாதி வேலை. கதாபாத்திரம் தோற்றால் எதை இழப்பான் என்பதைத்தான் பணயம் என்கிறேன். நடுப்பகுதி நெடுக அவன் அதே பொருளை இழக்கும் நிலையில் நின்றால், காட்சிகள் வேறு வேறாக இருந்தாலும் கதை நின்ற இடத்திலேயே நிற்கும்.

இந்த நாவலில் முதலில் செய்திருந்த தவறு இன்னொரு வகை. 14ஆம் அத்தியாயத்திலேயே முருகேசன் தங்கையிடம் என்ன தாள் என்று சொல்லாமல் பாகப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிறான். அதைவிடப் பெரிய வீழ்ச்சி அவனுக்கு மிச்சமில்லை. அதன் பிறகு கமலாவின் நகை அடகுக்குப் போவதும் கோயில் விளக்கு தாமதமாவதும் வாசகருக்குச் சில்லறையாகத் தெரிந்தன. பதினெட்டுக் கையில் ஆடும் ஆட்டத்தில் நான்காவது கையிலேயே பெரிய சீட்டைப் போட்டுவிட்டார். இதை உணர்ந்தோ உணராமலோ 22ஆம் அத்தியாயத்தில் பட்டறை தீப்பிடிக்கும்படி எழுதியிருந்தார். நடு தொய்கிறது என்று பயப்படுகிறவர்கள் எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள்: தீ, விபத்து, திடீர் மரணம். இரண்டு அத்தியாயத்துக்கு வேகம் கிடைக்கும். தீயை அவன் வைக்கவில்லை, அவனால் அது நடக்கவும் இல்லை. ஆகவே அணைந்ததும் கதை பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்துவிடும்.

தீயை எடுத்தோம். மற்றதை வரிசை மாற்றினோம். புது வரிசை இப்படி ஆயிற்று. முதல் படியில் போவது பொருள்: வட்டி கட்டக் கமலாவின் நகை அடகுக்குப் போகிறது, அவள் சம்மதத்தோடு. அந்தப் பணம் வட்டிக்கே தீர்ந்துவிடுவதால், ஒரு கோயிலின் பெரிய விளக்குக்கு வாங்கிய முன்பணத்தில் கைவைக்கிறான். இப்போது பணயம் பட்டறையின் பெயர். முன்பணம் போய்விட்டதால் நல்ல பித்தளை வாங்க வழியில்லை. பழைய உடைசலைக் கலந்து வார்க்கச் சொல்கிறான். இப்போது பணயம் தொழில், சாமிக்கண்ணுவின் இருபத்தைந்து வருஷ மரியாதை. விளக்கு கடைசலில் பிளந்துபோகிறது. கோயில் முன்பணத்தைத் திருப்பிக் கேட்கிறது. அந்தப் பணத்துக்காகத்தான், 14ஆம் அத்தியாயத்தில் இருந்த கையெழுத்துக் காட்சி இப்போது நடுப்பகுதியின் கடைசியில் வருகிறது. தங்கை கண்ணாடியைத் தேடுகிறாள். "இருக்கட்டும் விடு, நான்தான் படிச்சுட்டேனே" என்று அவன் சொல்கிறான். அதே காட்சி, ஒரு சொல் மாறவில்லை. முன்பு படித்தபோது அவன் மோசமானவன் என்று தோன்றியது. இப்போது படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

படிகள் சரியாக அமைந்திருக்கின்றனவா என்று அறிய, இரண்டு அட்டைகளுக்கு நடுவில் ஒரு சொல்லை வைத்துப் பாருங்கள். "அதனால்" அல்லது "ஆனால்" பொருந்தினால் சரி. "அப்புறம்" மட்டுமே பொருந்தினால் அங்கே இணைப்பு இல்லை. நகை போயிற்று, அதனால் முன்பணத்தில் கைவைத்தான், அதனால் பித்தளை இல்லை, அதனால் கலந்தான். பழைய வடிவத்தில் இதே நிகழ்ச்சிகள் எல்லாம் இருந்தன, நடுவில் "அப்புறம்" மட்டும் இருந்தது. இன்னொன்றையும் பாருங்கள்: ஒவ்வொரு படியிலும் ஏறியது அவனே எடுத்த முடிவாலா? அந்த நேரத்தில் அந்த முடிவு அவனுக்கு நியாயமாகப் பட்டதா? இரண்டுக்கும் ஆம் என்றால் வாசகர் அவனைத் திட்டிக்கொண்டே கூடவே வருவார்.

படிக்கட்டில் ஏறுகிறவருக்கு நடுவில் நிற்கவும் ஓர் இடம் வேண்டும். வெட்டும் உற்சாகத்தில் அமைதியான காட்சிகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் நாவல் மூச்சிரைக்கும். அதுவும் ஒருவகைச் சலிப்புதான். கணவன் மனைவி இரவுப் பேச்சு ஐந்தில் இரண்டை வைத்தோம். அதில் ஒன்றில் எதுவுமே நடக்காது. நகையைக் கொடுப்பதற்கு முந்தின இரவு, கமலா அதை ஒரு முறை போட்டுப் பார்த்துக் கழற்றி மஞ்சள் துணியில் முடிகிறாள். அட்டையில் "மாற்றம் இல்லை" என்றுதான் எழுத வேண்டியிருந்தது. ஆனாலும் அதை வெட்டச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, இன்றும் அது சரியென்றே நினைக்கிறேன். மறுநாள் போகப்போவது என்னவென்று வாசகர் கண்ணால் பார்த்தால்தான் போனது வலிக்கும். ஒவ்வொரு படிக்கும் முன்போ பின்போ இப்படி ஒன்றை அனுமதியுங்கள். இரண்டு அடுத்தடுத்து வந்தால் மட்டும் யோசியுங்கள்.

சம்பவங்களால் நகராத நாவல்களுக்கு இந்த முறை அப்படியே பொருந்தாது. சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' போன்ற நாவலில் பாதி நாட்குறிப்பு, அங்கே படிகளாக ஏறுவது சிந்தனை. அப்படி எழுதுகிறவர்கள் அட்டையில் "என்ன மாறியது" என்பதற்குப் பதில் "எந்த எண்ணம் புதிது" என்று எழுதிப் பார்க்கலாம். திரும்ப வரும் பகுதிகள் அப்போதும் குவியலாகத் தெரிந்துவிடும்.

வெட்டி, வரிசை மாற்றிய பிறகு நேரும் விபத்து ஒன்றுண்டு. இல்லாத காட்சியைக் குறிப்பிடும் வரிகள் அங்கங்கே மிஞ்சியிருக்கும். "அன்று சங்கத்தில் பார்த்தாரே, அவர்தான்" என்று 25ஆம் அத்தியாயத்தில் ஒரு வரி இருந்தது. சங்கக் காட்சியை நாங்கள் எப்போதோ எடுத்துவிட்டோம். மாதம், கிழமை, வயிற்றுப் பிள்ளையின் மாதக் கணக்கு, தாடி, கட்டுப் போட்ட கை, இவையெல்லாம் வரிசை மாறும்போது குழம்பும். இரண்டு வாரம் கையெழுத்துப் பிரதியைத் தொடாமல் வைத்துவிட்டு, பிறகு நடுப்பகுதியை அச்செடுத்து வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்கும் இடங்களில் பாதி இந்த மிச்சங்களாகத்தான் இருக்கும்.

பட்டறை நாவலின் நடுப்பகுதி 18 அத்தியாயத்திலிருந்து 13 ஆயிற்று. 52,000 சொற்கள் சுமார் 36,000க்கு இறங்கின. குறைந்த இடத்தை நிரப்ப வேண்டும் என்று எழுத்தாளர் ஆசைப்பட்டார், வேண்டாம் என்றேன். மொத்த வேலைக்கும் நான்கு மாதம் பிடித்தது. அதில் அட்டை எழுதி முடிக்கவே மூன்று வாரம். நீங்களும் ஒரு நாளைக்கு இரண்டு அத்தியாயத்துக்கு மேல் அட்டை எழுதாதீர்கள். வாசகர் புத்தகத்தைக் கீழே வைத்த அத்தியாயத்துக்கு இரண்டு அத்தியாயம் முன்னால் தொடங்குங்கள்.